அது சளிதானா, டாக்டர்?

(காது–மூக்கு–தொண்டை மருத்துவரின் கேள்வி–பதில் பக்கம்)

கே: என் கணவருக்கு வயது 38. சென்ற மாதம் டூ-வீலரில் போகும்போது நாய் குறுக்கே வந்து கீழே விழுந்தார். ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேல் பத்திரமாக இருந்தது. நெற்றியில் 7 தையல். வலது கண்ணைச் சுற்றிக் கறுத்துப்போனது. சி.டி. ஸ்கேன் எடுத்து, “மூளையில் ஒன்றுமில்லை” என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 12 நாள் கழித்து வலது மூக்கில் மட்டும் தண்ணீராகச் சொட்ட ஆரம்பித்தது. அலர்ஜி மாத்திரை 10 நாள் சாப்பிட்டும் கேட்கவில்லை. குனிந்து முகம் கழுவினால் சொட்டுகிறது, படுத்தால் நின்றுவிடுகிறது. இது என்ன மாதிரிச் சளி?
— ஒட்டன்சத்திரம் வாசகி

ப: சளியே இல்லை என்றுதான் சந்தேகப்படுகிறேன், அம்மா. உங்கள் கடிதத்தில் போன் நம்பர் இருந்ததால் அன்றைக்கே கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். அடுத்த இதழ் அச்சாகும் வரை அவர் சொட்டிக்கொண்டிருக்க வேண்டாம் அல்லவா? இங்கே எழுதுவது மற்றவர்களுக்காக.

சந்தேகத்துக்கு நீங்களே காரணங்களை வரிசையாக எழுதிவிட்டீர்கள். தலையில் அடி. பிறகு ஒரு பக்க மூக்கில் மட்டும் ஒழுக்கு. குனிந்தால் அதிகம். அலர்ஜி மாத்திரைக்கு மசியவில்லை. மூக்கின் கூரைக்கு மேலேதான் மூளையின் முன்பகுதி உட்கார்ந்திருக்கிறது. நடுவில் இருக்கும் எலும்பு மிக மெல்லியது. வாசனை நரம்பின் இழைகள் கீழே இறங்கிவர அதில் பொடிப்பொடித் துளைகள் வேறு. அந்த இடத்தில் மூளையின் உறை எலும்போடு இறுக ஒட்டியிருப்பதால், எலும்பு விரிசல் விட்டால் உறையும் கூடவே கிழியும். கிழிந்தால் மூளையைச் சுற்றியுள்ள நீர் மூக்குக்குள் இறங்கும்.

போனில் இரண்டு விஷயம் கேட்டேன். “காபி வாசனை தெரிகிறதா?” என்றதற்கு, “அடிபட்டதிலிருந்தே இல்லை. நாக்கு செத்துவிட்டது என்று நினைத்தோம்” என்றார் உங்கள் கணவர். நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது; அறுந்தது வாசனை நரம்பின் இழைகளாக இருக்கலாம். அந்த இழைகள் இறங்கும் இடமும் நான் சந்தேகப்படும் ஓட்டையும் பக்கத்துப் பக்கத்து வீடு. “கைக்குட்டை காய்ந்தபின் எப்படி இருக்கிறது?” என்றதற்கு, துவைத்த துணி மாதிரி மெத்தென்று இருப்பதாகச் சொன்னீர்கள். சளி காய்ந்தால் துணி விறைக்கும். இந்த நீரில் கொழகொழப்பு கிடையாது, அதனால் விறைப்பும் கிடையாது. இது முடிவல்ல, துப்பு மட்டும்தான்.

படுத்தால் நின்றுவிடுகிறது என்கிறீர்களே, நிற்கவில்லை. மல்லாந்து படுத்தால் அது தொண்டைப் பக்கம் இறங்கும், அவர் தூக்கத்தில் விழுங்கிவிடுவார். காலையில் எழுந்து குனிந்தவுடன் ஒரு மடக்கு சேர்ந்தாற்போல் கொட்டுகிறதா என்று பாருங்கள். ராத்திரி முழுக்க சைனஸ் குழிகளில் தேங்கியது அப்போது வெளியே வரும். பலருக்கு உப்புக் கரிக்கும்.

12 நாள் ஏன் தாமதம் என்பதும் நியாயமான கேள்விதான். அடிபட்டவுடன் வீக்கமும் உறைந்த ரத்தமும் சேர்ந்து ஓட்டையை அடைத்திருக்கும். வீக்கம் வடிந்து, ரத்தக்கட்டி கரைந்தபின் வழி திறக்கும். பெரும்பாலானவர்களுக்கு முதல் 2 நாளிலேயே தெரிந்துவிடும். வாரங்கள் கழித்து ஆரம்பிப்பதும் உண்டு. 3 மாதத்துக்குள் ஏறக்குறைய எல்லாமே வெளிப்பட்டுவிடும். “அப்போது ஸ்கேனில் ஒன்றுமில்லையே” என்ற சமாதானம் இங்கே செல்லாது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கே: மூளைக்குள் தண்ணீர் எப்படி வந்தது? நாம் குடிப்பதா?
— கும்பகோணம் வாசகர்

ப: குடிப்பது நேராக அங்கே போகாது. ரத்தத்திலிருந்து மூளையே வடித்துத் தயாரித்துக்கொள்ளும் நீர் அது. மூளையும் தண்டுவடமும் அதில்தான் மிதக்கின்றன. பெரியவர்களுக்கு எந்த நேரமும் 150 மில்லி அளவில் இருக்கும். ஆனால் ஒரு நாளைக்குச் சுமார் 500 மில்லி உற்பத்தியாகிறது. அதாவது பழையது ரத்தத்தில் கலந்து, புதியது ஊறி, தினம் மூன்று முறைக்கு மேல் தண்ணீர் மாறுகிறது. அதனால் சொட்டிச் சொட்டி மூளை வறண்டுபோகும் என்று யாரும் பயப்பட வேண்டாம். போவதைவிட வேகமாக ஊறும். சிலருக்கு எழுந்து நின்றால் தலைவலி வரும், அவ்வளவுதான். பயப்பட வேண்டியது வெளியே போகும் நீரை நினைத்து அல்ல. அதே வழியாக மூக்கிலிருந்து மேலே ஏறும் கிருமியை நினைத்து.

கே: நான் ஒரு கிளினிக்கில் நர்ஸ். தலையணை உறையில் நடுவே ரத்தச் சிவப்பு, சுற்றி வெளிறிய வளையம் இருந்தால் மூளை நீர் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். அது போதாதா?
— விருதுநகர் வாசகி

ப: அந்த வளையத்தைப் பார்த்ததும் நீங்கள் டாக்டரைக் கூப்பிட்டால், பாடம் ஒழுங்காக வேலை செய்திருக்கிறது. அதை வைத்தே டாக்டர் முடிவெழுதினால்தான் தவறு.

ரத்தமும் மூளை நீரும் கலந்து துணியில் விழுந்தால், ரத்தம் நடுவில் நின்றுவிடும், நீர் சுற்றிலும் பரவும். சரி. ஆனால் ரத்தத்தோடு சாதாரணக் குழாய்த் தண்ணீர் கலந்தாலும் அதே வளையம் வரும். சலைன் கலந்தாலும், கண்ணீர் கலந்தாலும், நீர்த்த மூக்குச் சளி கலந்தாலும் வரும். அடிபட்டு மூக்கில் ரத்தம் வந்து, வலியில் அழுத ஒருவருக்கு வளையம் வராவிட்டால்தான் ஆச்சரியம்.

மறுபக்கமும் உண்டு. உங்கள் ஒட்டன்சத்திரம் சகோதரியின் கணவருக்கு மூன்று வாரம் கழித்து ரத்தமே இல்லை, தெளிந்த நீர் மட்டும்தான். வளையம் போட அங்கே சிவப்பு இல்லை. வளையம் இல்லை என்பதால் கசிவு இல்லை என்று ஆகாது.

கே: மூளை நீரில் சர்க்கரை உண்டு, சளியில் இல்லை என்று படித்தேன். வீட்டில் குளுக்கோமீட்டர் இருக்கிறது. ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டால் வேலை முடிந்ததே?
— மதுரை வாசகர்

ப: யோசனை அருமை. உங்களுக்கு முன்பே டாக்டர்கள் யோசித்து, பல ஆண்டுகள் செய்து பார்த்து, கைவிட்டுவிட்டார்கள்.

மூளை நீரில் சர்க்கரை இருப்பது உண்மை. ரத்தத்தில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இருக்கும். சளியில் அறவே இல்லை என்பதுதான் முழு உண்மை இல்லை. சாதாரண மூக்கு நீரிலும் கண்ணீரிலும் கொஞ்சம் சர்க்கரை உண்டு. சர்க்கரை நோயாளிக்கும், நல்ல ஜலதோஷம் பிடித்தவருக்கும் இன்னும் கூடும். சிறுநீர்ப் பரிசோதனைக் காகிதம் அந்தச் சிறிதளவுக்கே நிறம் மாறிவிடும். ஒரு துளி ரத்தம் கலந்திருந்தாலோ கேட்கவே வேண்டாம்; அளந்தது மூளை நீரை அல்ல, ரத்தத்தை.

இதைவிட மோசமானது இன்னொரு திசைத் தவறு. கிருமி ஏறி மூளை உறையில் அழற்சி வந்துவிட்டால், மூளை நீரில் உள்ள சர்க்கரை குறைந்துபோகும். எந்த நோயாளிக்கு அவசரமோ, அவருக்கே சோதனை “ஒன்றுமில்லை” என்று சொல்லும்! உங்கள் மீட்டர் விரல் ரத்தத்துக்காகச் செய்தது. அளவு மிகக் குறைந்தால் எண் காட்டாமல் “Lo” என்று காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். அதை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன முடிவுக்கு வருவீர்கள்? ரத்தக் கலப்பில்லாத நீரைச் சேகரித்து, ஆய்வகத்தில் அளந்து, அதே நேரத்து ரத்தச் சர்க்கரையோடு ஒப்பிட்டால் ஓரளவு பயன் உண்டு. அதுவும் உறுதியாக்காது. வேறு சோதனைக்கு வழியே இல்லாத இடத்தில் மட்டும் செய்து பார்க்கலாம்.

கே: வளையமும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம் என்றால் எதைத்தான் நம்புவது?
— நாகர்கோவில் வாசகர்

ப: பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். இந்தப் பக்கத்தில் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய பெயர் இது ஒன்றுதான்.

ரத்தத்தில் இரும்பைத் தூக்கிச் செல்லும் ஒரு புரதம் டிரான்ஸ்ஃபெரின். அது உடம்பெங்கும் உண்டு. மூளைப் பகுதியில் உள்ள ஒரு நொதி அந்தப் புரதத்தின் ஓரத்தில் உள்ள சியாலிக் அமிலத் துணுக்குகளை நறுக்கிவிடுகிறது. நறுக்கப்பட்ட வடிவம்தான் பீட்டா-2. இது மூளை நீரில் இருக்கும். உள்காது நீரிலும் கண்ணுக்குள் இருக்கும் நீரிலும் உண்டு. சளியில் கிடையாது, கண்ணீரில் கிடையாது, சாதாரணமாக ரத்தத்திலும் கிடையாது. மூக்கிலிருந்து சொட்டிய நீரில் அது இருந்தால், அந்த நீர் மேலேயிருந்துதான் வந்திருக்க வேண்டும். 1979-ல் பின்லாந்தைச் சேர்ந்த மியூர்மன் குழுவினர் இதைச் சோதனையாகக் கொண்டுவந்தார்கள். இன்றுவரை உறுதிப்படுத்தும் சோதனைகளில் இதற்கே முதல் இடம். ஆய்வகத்தில் மின்புலத்தில் புரதங்களை ஓடவிடுவார்கள். நறுக்கப்பட்டது சற்று மெதுவாக நகர்ந்து தனிக் கோடாக நிற்கும். இரண்டு கோடு தெரிந்தால் மூளை நீர் இருக்கிறது. ஒரு கோடு என்றால் இல்லை. ரத்தம் கலந்திருந்தாலும் பெரும்பாலும் குழப்பாது என்பது கூடுதல் நிம்மதி.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. கல்லீரல் மிகவும் கெட்டுப்போனவர்களுக்கும், டிரான்ஸ்ஃபெரின் அமைப்பில் பிறவி மாற்றம் உள்ள வெகு சிலருக்கும் ரத்தத்திலேயே இரண்டாவது கோடு தெரியலாம். அதனால்தான் மூக்கு நீரோடு அன்றைக்கே எடுத்த ரத்தத்தையும் சேர்த்து அனுப்பச் சொல்கிறோம். “மூக்கு ஒழுகியதற்கு ஏன் கையில் ஊசி?” என்று லேபில் சண்டை போடாதீர்கள்.

ஊரில் உள்ள எல்லா லேபிலும் இதைச் செய்ய மாட்டார்கள். பெரும்பாலும் மாதிரியை எடுத்துப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள், முடிவு வரச் சில நாள் ஆகும். அதற்குள் யாரும் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. ஸ்கேன் வேலை நடக்கும். பீட்டா-டிரேஸ் என்று இன்னொரு புரதச் சோதனையும் உண்டு. மிக வேகமானது. ஆனால் சிறுநீரகம் கெட்டவர்களுக்கும், மூளை உறை அழற்சி வந்தவர்களுக்கும் அதன் கணக்குத் தப்பும்.

கே: சோதனைக்கு எவ்வளவு நீர் வேண்டும்? எப்படிப் பிடிப்பது? என் அண்ணனுக்கு லேபில் பஞ்சைக் கொடுத்து மூக்கில் வைத்துக்கொள்ளச் சொன்னார்களாம், கடைசியில் “மாதிரி போதவில்லை” என்று திரும்பி வந்துவிட்டது.
— திருச்சி வாசகி

ப: இந்தச் சோதனையில் பாதித் தோல்வி இங்கேதான். புரதம் ஏமாற்றுவதில்லை, நாம் பிடிக்கும் விதம்தான் ஏமாற்றுகிறது.

பல ஆய்வகங்களுக்கு 1 மில்லி போதும், சிலவற்றுக்கு அதிலும் பாதியே போதும். முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். 1 மில்லி என்றால் சுமார் 20 சொட்டு. மருந்து எதுவும் கலக்காத, மூடியுள்ள சுத்தமான சின்னக் குழாயை லேபிலேயே வாங்கிக்கொள்ளலாம். காலையில் எழுந்தவுடன் நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கைகளை முட்டியில் ஊன்றி, தாடை மார்பைத் தொடும் அளவுக்குக் குனிய வேண்டும். சொட்டும் மூக்குத்துவாரத்துக்கு நேர் கீழே குழாயின் வாயைப் பிடித்தபடி காத்திருக்க வேண்டும். முக்கக்கூடாது, மூக்கைச் சிந்தக்கூடாது. தானாகச் சொட்ட வேண்டும். டிஷ்யூ பேப்பரிலோ பஞ்சிலோ ஒற்றி எடுத்தால் நீர் அதற்குள் ஊறிப் போய்விடும், பிழிந்து எடுப்பது ஆய்வகத்துக்குத் தலைவலி. உங்கள் அண்ணனுக்கு நடந்தது அதுவாக இருக்கலாம். எப்போதாவது மட்டும் கசிபவர்களுக்கு, டாக்டரே அதற்கென்றுள்ள ஸ்பாஞ்சை மூக்கில் சில மணி நேரம் வைத்து எடுப்பார். அது வேறு, வீட்டுப் பஞ்சு வேறு.

எந்தப் பக்க மூக்கு, எத்தனை மணிக்கு என்று குழாயில் எழுதுங்கள். உடனே கொடுக்க முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வையுங்கள். வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டு வையுங்கள், தயவுசெய்து.

ஒரு நாள் சொட்டவே இல்லை என்றால் குணமாகிவிட்டது என்று சோதனையை ரத்து செய்யாதீர்கள். வராத நாளில் எடுத்த மூக்கு நீரில் புரதம் இல்லையென்றால், அன்றைக்கு அந்த நீர் சளி என்பது மட்டுமே உறுதி.

கே: மூக்கில் சொட்டும்போது உறிஞ்சாமலும் சிந்தாமலும் எப்படி இருப்பது?
— சேலம் வாசகர்

ப: கஷ்டம்தான். சொட்டட்டும் என்று விட்டுத் துடைத்துக்கொள்ளுங்கள். சிந்தினால் மூக்கில் எழும் அழுத்தம் காற்றையும் கிருமியையும் அதே ஓட்டை வழியாக மண்டைக்குள் தள்ளும். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். நாகரிகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தலையில் பலத்த அடியோடு யாரையாவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், மூக்கு வழியாக வயிற்றுக்கு ட்யூப் விடுவதற்கு முன் அங்கே இருப்பவர்களே யோசிப்பார்கள். கூரை உடைந்திருந்தால் ட்யூப் வயிற்றுக்குப் பதில் மூளைக்குள் போன கதைகள் மருத்துவ நூல்களில் உண்டு.

கே: டாக்டர், நீங்கள் போனில் சொன்னபடி செய்தோம். காலையில் 1 மில்லிக்கு மேலேயே பிடித்தோம். பீட்டா-2 பாசிட்டிவ், ரத்தத்தில் இல்லை. பிறகு மறுபடி ஒரு சி.டி. எடுத்தார்கள். “வலது பக்க மூக்குக் கூரையில் 4 மி.மீ. இடைவெளி” என்று வந்திருக்கிறது. முதல் சி.டி.யில் ஏன் தெரியவில்லை? பணத்துக்காக இரண்டாவது எடுத்தார்களா?
— ஒட்டன்சத்திரம் வாசகி

ப: பணத்துக்காக இல்லை, அம்மா. இரண்டும் வேறு வேறு கேள்விக்கான படங்கள். அடிபட்ட இரவில் கேட்ட கேள்வி, “மூளையில் ரத்தக்கசிவு உண்டா, இப்போதே மண்டையைத் திறக்க வேண்டுமா?” என்பது. அதற்கு 5 மி.மீ. அளவு தடிமனான துண்டுகளாகப் படம் எடுத்தால் போதும். 4 மி.மீ. ஓட்டை இரண்டு துண்டுகளுக்கு நடுவே சுலபமாக ஒளிந்துகொள்ளும். இப்போது எடுத்தது 1 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய துண்டுகளில், முகத்தை நேருக்கு நேர் பார்க்கும் கோணத்தில் எடுத்த எலும்புப் படம். மூக்கின் கூரையை அந்தக் கோணத்தில்தான் முழுசாகப் பார்க்க முடியும்.

வரிசையையும் கவனியுங்கள்: முதலில் நீர் எது என்று உறுதி செய்தார்கள், பிறகு ஓட்டை எங்கே என்று தேடினார்கள். மாற்றிச் செய்தால் வம்பு. மொட்டை மாடியில் மழைநீர் ஒழுகும் வீட்டில், கறை தெரியும் இடத்துக்கு நேர் மேலேதான் விரிசல் என்று நம்பி அங்கே சிமெண்ட் பூசியவர்களுக்கு அடுத்த மழையில் தெரியும் கதை. ஸ்கேனில் தெரியும் விரிசல் எல்லாம் ஒழுகுவதில்லை. ஒழுகும் விரிசல் எல்லாம் ஸ்கேனில் தெரிவதும் இல்லை. சில சமயம் காதின் பின்எலும்பு உடைந்திருக்கும். செவிப்பறை கிழியாமல் இருப்பதால் நீர் காது வழியாக வெளியே வர முடியாது. நடுக்காதிலிருந்து மூக்குக்குப் போகும் குழாய் வழியாக இறங்கி மூக்கில் சொட்டும். மூக்கின் கூரையை எத்தனை முறை படம் எடுத்தாலும் அங்கே ஓட்டை இருக்காது. அதனால்தான் நல்ல ரேடியாலஜிஸ்ட் மூக்கோடு நிறுத்தாமல் காது எலும்பையும் பார்ப்பார்.

உங்கள் கணவருக்கு எல்லாம் பொருந்துகிறது. சொட்டுவது வலது, இடைவெளி வலது, வாசனை இழந்ததும் அதே இடத்தை ஒட்டி. அறுவைக்கு முன் ஒரு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள். அதற்கும் மறுக்காதீர்கள். அந்த 4 மி.மீ. வழியாக மூளையின் உறையோ, மூளையே கொஞ்சமோ மூக்குக்குள் இறங்கித் தொங்குகிறதா என்று பார்க்கத்தான் அது. தொங்குவதைச் சாதாரண மூக்குச் சதை என்று நினைத்து யாரும் வெட்டிவிடக் கூடாது பாருங்கள்.

கே: முதுகில் ஊசி போட்டு மூக்கில் பச்சை நீர் வரவைப்பார்களாமே? நிஜமா, வித்தையா?
— ஈரோடு வாசகர்

ப: நிஜம். பல விரிசல் இருந்து எது ஒழுகுகிறது என்று தெரியாதபோது, அல்லது ஸ்கேனில் ஓட்டையே சிக்காதபோது செய்வது. இடுப்புக்குப் பின்னால் தண்டுவட நீரை 10 மில்லி எடுத்து, அதில் 10 சதவீத ஃபுளோரசீன் சாயத்தை 0.1 மில்லி மட்டும் கலந்து, மிக மெதுவாகத் திரும்ப ஏற்றுவார்கள். கொஞ்ச நேரம் கழித்து மூக்கில் எண்டோஸ்கோப் விட்டால், ஓட்டை இருக்கும் இடத்தில் மட்டும் மஞ்சள்–பச்சையாகக் கசிவது கண்ணுக்குத் தெரியும். அளவு கூடினால் வலிப்பு வரை போகும், அந்த 0.1-ல் விளையாட்டுக் கிடையாது. 4 மி.மீ. ஓட்டை தெளிவாகத் தெரிந்துவிட்ட ஒட்டன்சத்திரத்துக்காரருக்கு இது அநேகமாகத் தேவைப்படாது.

கே: எல்லோருக்கும் ஆபரேஷன்தானா? தானாக மூடிக்கொள்ளாதா?
— வேலூர் வாசகர்

ப: அடிபட்ட உடனே ஆரம்பித்த கசிவு பெரும்பாலும் தானாகவே நிற்கும், ஒரு வாரத்துக்குள். தலையை 30 டிகிரி உயர்த்திப் படுக்கவைத்து, முக்காமல் மலம் போக மருந்து கொடுத்து, எடை தூக்காமல் பார்த்துக்கொண்டு காத்திருப்போம். நிற்காவிட்டால் முதுகில் மெல்லிய குழாய் வைத்து, மணிக்கு 5 முதல் 10 மில்லி வரை நீரை வெளியேற்றி, உள்ளழுத்தத்தைக் குறைத்துப் பார்ப்பதும் உண்டு.

தாமதமாக ஆரம்பித்ததும், வாரங்கள் தாண்டி நீடிப்பதும் அப்படி அடங்குவது அரிது. மேலும் ஒரு எச்சரிக்கை: அப்படி நின்றாலும் அதை மூடியது மெல்லிய சவ்வு மட்டுமாக இருக்கலாம், எலும்பு அல்ல. ஆண்டுகள் கழித்து மூளைக்காய்ச்சல் வந்து, காரணம் தேடும்போது பழைய விபத்து ஞாபகத்துக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

கிருமி ஏறாமல் இருக்க ஆன்டிபயாடிக் தொடர்ந்து கொடுக்கலாமே என்பீர்கள். எல்லோருக்கும் முன்கூட்டியே கொடுப்பதால் மூளைக்காய்ச்சல் குறைகிறது என்பதற்கு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது சான்று கிடைக்கவில்லை. எதிர்ப்புச் சக்தி பெற்ற கிருமியை வளர்த்துவிடும் ஆபத்து வேறு. பலன் உள்ளது நிமோகாக்கல் தடுப்பூசி. இந்த ஓட்டை வழியாக ஏறும் கிருமிகளில் முதல் குற்றவாளி நிமோகாக்கஸ்தான்.

கே: ஆபரேஷன் என்றால் தலையைத் திறப்பார்களா? பயமாக இருக்கிறது.
— ஒட்டன்சத்திரம் வாசகி

ப: 1926-ல் அமெரிக்காவில் வால்டர் டேண்டி முதன்முதலில் இப்படிப்பட்ட கசிவை அடைத்தபோது மண்டையைத் திறந்துதான் செய்தார். தொடையிலிருந்து எடுத்த திசு உறையை ஒட்டாக வைத்தார். ஒட்டு இன்றும் பல நேரம் அதே தொடைத் திசுதான், வாசல் மட்டும் மாறிவிட்டது. உங்கள் கணவருக்கு வெளியே வெட்டே இருக்காது, தொடையில் சின்னத் தையலைத் தவிர. மூக்குத்துவாரம் வழியாக எண்டோஸ்கோப்பை விட்டு, ஓட்டையைச் சுற்றியுள்ள மூக்குச் சவ்வைச் சில மி.மீ. அகலத்துக்குச் சுரண்டி, எலும்பு தெரியச் செய்வார்கள். சவ்வின் மேல் வைத்த ஒட்டுப் பிடிக்காது என்பதால் இந்தச் சுரண்டல்தான் வேலையின் உயிர். பிறகு ஒட்டை வைத்து, பசை போட்டு, சில நாள் மூக்கை அடைத்து வைப்பார்கள். முதல் முறையிலேயே 10-க்கு 9 பேருக்கு அடைபட்டுவிடுகிறது. மீதியுள்ளவர்களில் பலருக்கு இரண்டாவது முறை சரியாகும்.

வாசனை திரும்புமா என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். ஓட்டையை மூடுவதால் அறுந்த இழை ஒட்டாது. திரும்பினால் அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சமையலறையில் கேஸ் வாசனையை அவர் கண்டுபிடிப்பார் என்று நம்பிவிடாதீர்கள்.

பிறகு 6 வாரம் குனிந்து வேலை, எடை, முக்கல், மூக்குச் சிந்தல் எதுவும் கூடாது. விமானப் பயணத்துக்கு முன் டாக்டரைக் கேட்க வேண்டும். மறுபடி ஒரு சொட்டு விழுந்தால் சளியா இல்லையா என்று வீட்டில் பட்டிமன்றம் வைக்காமல், குழாயில் பிடித்துக்கொண்டு கிளம்புங்கள்.

கே: இதைப் படித்ததிலிருந்து எனக்குத் தும்மினாலே பயம். பத்து வருடமாக டிசம்பரில் மூக்கு ஒழுகுகிறது!
— ஊட்டி வாசகர்

ப: இரண்டு மூக்கிலுமா? அரிப்பு, அடுக்குத் தும்மல் உண்டா? தலையில் அடி இல்லையே? அப்படியானால் உங்களுக்கு ஸ்வெட்டர் போதும்.

கே: சோதனை முடிவுக்குக் காத்திருக்கும் நாட்களில் எதைக் கண்டால் ஓட வேண்டும்?
— காரைக்குடி வாசகி

ப: காய்ச்சலும் கடுமையான தலைவலியும் சேர்ந்து வருவது, தாடை மார்பைத் தொட முடியாமல் கழுத்து விறைப்பது, வெளிச்சம் கண்ணைக் குத்துவது, வாந்தி, பேச்சு குழறுவது, தூக்கக் கலக்கம் தெளியாதது, வலிப்பு. இவற்றில் எது வந்தாலும் பீட்டா-2 முடிவுக்குக் காத்திருக்காதீர்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றும் இருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, மூளை நரம்பு அறுவை மருத்துவர் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். போனதும் நீங்கள் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம், “காய்ச்சல்” என்பதல்ல. “தலையில் அடிபட்டது, அதற்குப் பிறகு ஒரு மூக்கில் தண்ணீராகச் சொட்டுகிறது” என்பது.